எவ்வளவு வாங்குவது, எப்போது வாங்குவது?

வீட்டில் இரண்டு சிலிண்டர் வைத்திருப்பவர்களுக்கு ஸ்டோர்ஸ் நிர்வாகத்தின் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும். ஒன்று தீர்ந்ததும் அடுத்ததை மாட்டுகிறோம். மாட்டிய கையோடு புக் செய்துவிடுகிறோம். மாட்டியது தீர்வதற்குள் புக் செய்தது வந்துவிடும் என்பது கணக்கு. புக் செய்ய மறந்த மாதத்தில்தான் பாதிச் சாம்பாரோடு அடுப்பு அணைந்துபோகும்.

இங்கே எவ்வளவு வாங்குவது என்ற கேள்வியே எழுவதில்லை. சிலிண்டருக்கு 14.2 கிலோ என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது. அரிசிக்கு வந்தால் அந்தக் கேள்வி எழும். மாதாமாதம் இருபத்தைந்து கிலோ சிப்பமா, அறுவடை நேரத்தில் மொத்தமாக நான்கு மூட்டையா? மொத்தமாக வாங்கினால் கடைக்கு அலைச்சல் குறையும். ஆனால் பணம் முடங்கும், வண்டு விழும்.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் தொழிற்சாலைகளில் தனித்தனி விடை உண்டு. எவ்வளவு வாங்குவது என்பதற்கு விடை சிக்கனக் கொள்முதல் அளவு. பட்டறைப் பேச்சில் இ.ஓ.க்யூ. எப்போது வாங்குவது என்பதற்கு விடை மறுகொள்முதல் மட்டம். ஸ்டோர்ஸில் ரீஆர்டர் லெவல் என்பார்கள். தேர்வுத்தாளில் இரண்டும் அடுத்தடுத்து வருவதால் ஒரே கணக்கின் இரண்டு படிகள் என்று மாணவர்கள் எண்ணிவிடுகிறார்கள். இரண்டின் குணமும் வேறு. முதலாவது பிழையைப் பொறுத்துக்கொள்ளும். இரண்டாவது பொறுக்காது. ஒரு கணக்கை முழுக்கப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும்.

ஒரு பம்ப்செட் பட்டறை

கோயம்புத்தூரில் ஒரு சிறிய மோனோபிளாக் பம்ப் பட்டறை இருப்பதாக வைத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் கணக்குக்காக நாம் எடுத்துக்கொள்பவை. நாளொன்றுக்கு 20 பம்புகள், பம்புக்கு இரண்டு பேரிங். பேரிங்கின் எண் 6203. உள்விட்டம் 17 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 40. ஆக ஒரு நாளைக்கு 40 பேரிங் செலவாகிறது. ஆண்டுக்கு 300 வேலை நாட்கள் என்றால் தேவை 12,000. ஒரு பேரிங்கின் விலை 90 ரூபாய்.

முதலாளி இதுவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை 3,000 வாங்கிப் போடுகிறார். அப்படியிருந்தும் சில நாட்களில் ஸ்டோர்ஸ்காரரிடம் "பேரிங் இருக்குதா?" என்று கேட்டால், "இன்னிக்கு ஓடும்ங்க, நாளைக்குத்தான் சந்தேகம்" என்று பதில் வருகிறது. அள்ளி அள்ளி வாங்கியும் தட்டுப்பாடு தீரவில்லை. ஏன் என்று பார்ப்பதற்கு முன், 3,000 என்ற அளவு சரியா என்று பார்த்துவிடுவோம்.

இதில் மோதிக்கொள்ளும் செலவுகள் இரண்டு. முதலாவது ஆர்டர் செலவு. ஒவ்வொரு முறை சரக்கு வரும்போதும் டெம்போ வாடகை 400 ரூபாய், சரக்கைச் சோதித்து வரவு வைப்பதற்கு 200, பில்லைச் சரிபார்த்துப் பணம் அனுப்புவதற்கு 150. மொத்தம் 750. நூறு வாங்கினாலும் மூவாயிரம் வாங்கினாலும் இது மாறாது என்று கொள்வோம். இதில் மாணவர்கள் வழக்கமாகத் தவறும் இடம் ஒன்று உண்டு. ஸ்டோர்ஸ்காரரின் மாதச் சம்பளத்தை ஆர்டர்களின் எண்ணிக்கையால் வகுத்து இதில் சேர்த்துவிடுவார்கள். ஓர் ஆர்டர் குறைந்தால் அவர் சம்பளம் குறையுமா? குறையாது என்றால் அது இந்தக் கணக்கில் சேராது. ஆர்டரின் எண்ணிக்கையோடு கூடிக் குறைகிற செலவு மட்டுமே இங்கே செலவு.

இரண்டாவது வைத்திருக்கும் செலவு. சரக்கில் முடங்கிய பணத்துக்கு வட்டி, அலமாரி இடம், காப்பீடு, உறை பிரிந்து துரு ஏறுவது, கிரீஸ் பழசாவது, கைமறதியாகக் காணாமல் போவது எல்லாம் சேர்ந்தது. விலையில் ஆண்டுக்கு 20 சதவீதம் என்று வைத்தால் ஒரு பேரிங்குக்கு 18 ரூபாய்.

வர்க்கமூலம் சொல்லும் விடை

ஒரு முறைக்கு Q பேரிங் வாங்கினால் ஆண்டுக்கு 12,000 ÷ Q ஆர்டர்கள். Q கூடினால் ஆர்டர் செலவு இறங்கும். ஆனால் சரக்கு Q அளவில் தொடங்கி மெல்லக் கரைந்து சுழியத்துக்கு வருவதால், சராசரியாக அலமாரியில் இருப்பது Q-வில் பாதி. ஆகவே Q கூடினால் வைத்திருக்கும் செலவு ஏறும். இறங்குவதும் ஏறுவதும் சமமாகும் இடத்தில் மொத்தச் செலவு மிகக் குறைவு. அந்த இடத்தைத் தரும் சூத்திரம் இது:

```
EOQ = √(2 × D × S / H)
    = √(2 × 12000 × 750 / 18)
    = √1000000
    = 1000
```

D என்பது ஆண்டுத் தேவை, S ஓர் ஆர்டரின் செலவு, H ஒரு பொருளை ஓர் ஆண்டு வைத்திருக்கும் செலவு. விடை 1,000 பேரிங். ஆண்டுக்கு 12 ஆர்டர்; 25 வேலை நாட்களுக்கு ஒன்று.

இந்தச் சூத்திரத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஃபோர்டு விட்மன் ஹாரிஸ் 1913-இல் ஒரு தொழிற்சாலை இதழில் எழுதிய கட்டுரையில் இது வந்தது. கல்லூரிப் பட்டம் பெறாத அவர் கேட்ட கேள்வி, ஓர் உதிரிபாகத்தை ஒரே தடவையில் எத்தனை செய்வது என்பது. இயந்திரத்தை ஒரு வேலைக்குத் தயார்ப்படுத்தும் செலவு அவர் கணக்கில் இருந்தது. வாங்குபவருக்கு அதே இடத்தில் ஆர்டர் செலவு வந்து உட்கார்ந்துகொள்ளும். பின்னால் 1934-இல் ஆர்.எச். வில்சன் எழுதிய கட்டுரையால் இதற்கு வில்சன் சூத்திரம் என்ற பெயரும் நிலைத்துவிட்டது.

இப்போது வெவ்வேறு அளவுகளுக்கு ஆண்டுச் செலவைப் போட்டுப் பார்ப்போம். தொகை எல்லாம் ரூபாயில்.

| ஒரு முறை வாங்கும் அளவு | ஆர்டர் செலவு | வைத்திருக்கும் செலவு | மொத்தம் |
|---|---|---|---|
| 500 | 18,000 | 4,500 | 22,500 |
| 800 | 11,250 | 7,200 | 18,450 |
| 1,000 | 9,000 | 9,000 | 18,000 |
| 1,200 | 7,500 | 10,800 | 18,300 |
| 2,000 | 4,500 | 18,000 | 22,500 |
| 3,000 | 3,000 | 27,000 | 30,000 |

1,000 என்ற வரியில் இரண்டு செலவுகளும் 9,000 ஆகச் சமமாக நிற்பதைக் கவனியுங்கள். தேர்வில் விடை சரியா என்று சோதிக்க இதைவிட எளிய வழி இல்லை. மாதத் தேவையான 1,000-ஐ D ஆக வைத்து, H-ஐ மட்டும் ஆண்டுக்கு 18 என்று வைத்தால் விடை 289 வரும். பார்க்க நம்பும்படியான எண்தான். ஆனால் 289 வீதம் வாங்கினால் ஆண்டுக்கு ஆர்டர் செலவு 31,000 ரூபாயைத் தாண்டும், வைத்திருக்கும் செலவோ 2,600 ரூபாய் அளவில் நிற்கும். இரண்டும் ஒட்டவில்லை என்றால் எங்கோ மாதமும் ஆண்டும் கலந்துவிட்டன என்று பொருள்.

பொறுத்துப்போகும் சூத்திரம்

அட்டவணையை மறுபடி பாருங்கள். 1,000-க்குப் பதில் 1,200 வாங்கினால் ஆண்டு முழுவதற்கும் கூடுதல் செலவு வெறும் 300 ரூபாய். 800 வாங்கினால் 450. செலவுக் கோடு ஒரு தட்டையான கிண்ணம் போல இருக்கிறது; அடிப்பகுதியில் கொஞ்சம் இப்படி அப்படி நகர்ந்தாலும் பெரிதாக ஏறுவதில்லை.

தரவு தப்பினாலும் அப்படியே. ஆர்டர் செலவு 750 என்பதை யாரோ தவறாக 1,500 என்று குறித்துவிட்டதாகக் கொள்வோம். நூறு சதவீதப் பிழை. சூத்திரம் 1,414 என்று சொல்லும். அதன்படி வாங்கினால் உண்மையில் ஆகும் செலவு ஏறத்தாழ 19,090 ரூபாய். சரியான விடையைவிட ஆறு சதவீதம்தான் அதிகம். வர்க்கமூலம் பிழையை அமுக்கிவிடுகிறது. ஆகவே விடை 987.4 என்று வந்தால் 987 வாங்க வேண்டியதில்லை. அட்டைப்பெட்டிக்கு நூறு என்று வந்தால் பத்துப் பெட்டி வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் 3,000 என்பது கிண்ணத்தின் விளிம்பில் இருக்கிறது. முதலாளி 1,000-க்கு இறங்கினால் ஆண்டுக்கு 12,000 ரூபாய் மிச்சம். சராசரி இருப்பு 1,500-இலிருந்து 500 ஆவதால், பேரிங்காக உறங்கிக்கொண்டிருந்த 90,000 ரூபாயும் கைக்கு வரும்.

முதலாளி சும்மா இருப்பாரா? "மூவாயிரமா எடுத்தா டீலர் தள்ளுபடி தர்றாருங்க" என்பார். நியாயமான கேள்வி. சூத்திரத்தில் பேரிங்கின் விலை எல்லா அளவுக்கும் ஒன்று என்று எடுத்துக்கொண்டோம். தள்ளுபடி வந்தால் கொள்முதல் தொகையையும் சேர்த்து ஒப்பிட வேண்டும். ஆண்டுக் கொள்முதல் 10,80,000 ரூபாய். அதில் ஒரு சதவீதத் தள்ளுபடி 10,800. விலை குறைவதால் வைத்திருக்கும் செலவில் இன்னும் 270 குறையும். மொத்தம் 11,070. மூவாயிரமாக வாங்குவதன் கூடுதல் செலவு 12,000 என்பதால் இது கட்டாது. இரண்டு சதவீதம் என்றால் 22,140. தாராளமாக வாங்கலாம், ஒரே தடவையில் இரண்டரை லட்சத்துக்கு மேல் புரட்ட முடிந்தால்.

எப்போது ஆர்டர் கொடுப்பது?

இப்போது முதல் புதிருக்கு வருவோம். 3,000 வாங்கியும் ஏன் தட்டுப்பாடு? வாங்கும் அளவுக்கும் தட்டுப்பாட்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. சரக்கு தீரும் தறுவாயில் அடுத்தது வந்து சேர்கிறதா என்பதுதான் தட்டுப்பாட்டைத் தீர்மானிக்கிறது. அள்ளி வாங்கினால் அந்த ஆபத்தான நாட்கள் ஆண்டுக்கு நான்கு முறை வரும், அளவாக வாங்கினால் பன்னிரண்டு முறை வரும். வித்தியாசம் அவ்வளவுதான். அந்த நாட்களைத் தாண்டச் செய்வது மறுகொள்முதல் மட்டம்.

ஆர்டர் கொடுத்தால் சரக்கு வர சராசரியாக 7 வேலை நாட்கள். நாளுக்கு 40 என்றால் அந்த இடைவெளியில் 280 செலவாகும். ஆகவே இருப்பு 280-க்கு இறங்கும்போது ஆர்டர் கொடுத்தால் போதுமா? டீலர் சரியாக ஏழாம் நாள் அனுப்பி, பட்டறையும் சரியாக நாற்பதே ஓட்டினால் போதும். ஆனால் சரக்கு எட்டாம் நாள் வந்தால் அசெம்பிளி நின்றுவிடும். சராசரி என்பதற்குப் பொருளே, ஏறக்குறைய பாதித் தடவை அதற்கு மேல் போகும் என்பதுதான்.

இதற்குக் காப்பு இருப்பு வேண்டும். எவ்வளவு? செலவுக் கணக்கியல் பாடநூல்கள் சொல்லும் வழி, அதிகபட்ச நுகர்வை அதிகபட்ச காத்திருப்பு நாட்களால் பெருக்குவது. நாளுக்கு 55, நாட்கள் 12 என்றால் 660. மிக மோசமான இரண்டும் ஒரே சமயத்தில் சேரும் என்று அஞ்சி வைக்கும் கணக்கு இது. பாதுகாப்பானது, ஆனால் சராசரித் தேவைக்கு மேல் 380 பேரிங் எப்போதும் அலமாரியில் நிற்கும். ஆண்டுச் செலவு 6,840 ரூபாய்.

இன்னொரு வழி புள்ளியியல். அன்றாடச் செலவு 40-ஐச் சுற்றி ஏறி இறங்குகிறது. அதன் திட்ட விலக்கம் 8 என்று கொள்வோம். சரக்கு வரும் நாள் 7-ஐச் சுற்றி ஆடுகிறது. திட்ட விலக்கம் 2 நாட்கள். காத்திருக்கும் காலத்தின் மொத்தத் தேவை எவ்வளவு ஆடும் என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்:

```
σ = √(7 × 8² + 40² × 2²)
  = √(448 + 6400)
  = 82.75
காப்பு இருப்பு = 1.65 × 82.75 ≈ 137
மறுகொள்முதல் மட்டம் = 280 + 137 = 417
```

1.65 என்பது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை தட்டுப்பாடு வராதிருக்க இயல்நிலைப் பரவல் தரும் எண். இருபது ஆர்டருக்கு ஒருமுறை தட்டலாம் என்று பொருள். ஆண்டுக்கு 12 ஆர்டர் என்பதால் ஏறக்குறைய இருபது மாதத்துக்கு ஒரு தடவை.

வர்க்கமூலத்துக்குள் இருக்கும் இரண்டு எண்களையும் ஒருமுறை பாருங்கள். பட்டறையின் ஏற்ற இறக்கம் தந்தது 448. டீலரின் நாள் தவறுதல் தந்தது 6,400. பட்டறை நாள் தவறாமல் சரியாக நாற்பதே ஓட்டினாலும் காப்பு இருப்பு 137-இலிருந்து 132-க்குத்தான் இறங்கும். டீலர் இரண்டு நாள் ஆட்டத்தை ஒரு நாளாகக் குறைத்தால் 75-க்கு இறங்கும். உற்பத்தித் திட்டத்தை எவ்வளவு துல்லியமாகத் தீட்டினாலும் கிடைக்காத பலன், சொன்ன நாளில் அனுப்பும் டீலரால் கிடைக்கிறது. டீலரிடம் விலை பேசும்போது நாளையும் பேச வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

கோடையில் என்ன ஆகும்?

பம்பு கோடையில் ஓடும் சரக்கு. பிப்ரவரியிலிருந்து பட்டறை நாளுக்கு 30 பம்பு செய்கிறது, 60 பேரிங் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். தேவை ஒன்றரை மடங்கு. இப்போது இரண்டு எண்களும் எப்படி நடந்துகொள்கின்றன என்று பாருங்கள்.

சிக்கனக் கொள்முதல் அளவு 1,000-இலிருந்து 1,225 ஆகிறது. மாற்ற மறந்து 1,000 என்றே வாங்கினாலும் ஆண்டு முழுக்க அதே வேகத்தில் ஓடினால்கூட நட்டம் 455 ரூபாய்தான்.

மறுகொள்முதல் மட்டத்தை மாற்ற மறந்தால்? ஏழு நாளைக்கு 60 வீதம் 420 வேண்டும். கையில் இருக்கும் மட்டம் 417. காப்பு இருப்பு என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தது சராசரித் தேவையிலேயே கரைந்துவிட்டது. இனி இரண்டு ஆர்டருக்கு ஒருமுறை தட்டுப்பாடு வரும், அதுவும் விற்பனை சூடாக இருக்கும் நேரத்தில். சரியான மட்டம் 621. முதல் எண் வர்க்கமூலத்துக்குள் ஒளிந்திருப்பதால் மெல்ல நகர்கிறது. இரண்டாவது எண் தேவையோடு கூடவே ஓடுகிறது.

காகிதத்தில் சரி, அலமாரியில் தவறு

கணக்கு சரியாக இருந்தும் ஸ்டோர்ஸில் தவறும் இடங்கள் இரண்டு உண்டு. முதலாவது, இருப்பை எப்போது பார்க்கிறோம் என்பது. மட்டம் 417 என்றால், இருப்பு அதைத் தொட்ட அன்றே யாராவது கவனிக்க வேண்டும். சனிக்கிழமை மட்டும் எண்ணிப் பார்க்கும் பட்டறையில் ஒரு சனிக்கிழமை இருப்பு 430 என்றால் ஆர்டர் போகாது. ஆறு நாளில் 240 போய், அடுத்த சனிக்கிழமை 190 நிற்கும். வர ஏழு நாள் ஆகும் சரக்குக்கு 280 வேண்டும். ஐந்தாம் நாளே பெட்டி காலி. வாரத்துக்கு ஒருமுறைதான் பார்க்க முடியும் என்றால் அந்த ஆறு நாள் செலவையும் மட்டத்தோடு சேர்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சிலிண்டர் வழிக்குப் போகலாம்: 417 பேரிங்கைத் தனிப் பெட்டியில் கட்டி வைத்து, அந்தப் பெட்டியைத் திறக்கும் அன்று ஆர்டர் கொடுப்பது. கணினி இல்லாத பட்டறைக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது, ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் சரக்கை மறப்பது. இதே பேரிங் வெளிநாட்டிலிருந்து 60 வேலை நாளில் வருவதாக இருந்தால் காத்திருப்புத் தேவை மட்டுமே 2,400. வாங்குவது ஆயிரம் ஆயிரமாக. அலமாரி இருப்பு எப்போதும் 2,400-க்குக் கீழேதான் இருக்கும். அதை மட்டும் பார்த்தால் தினமும் ஆர்டர் கொடுக்கத் தோன்றும். அலமாரியில் இருப்பது, வழியில் இருப்பது, இரண்டையும் கூட்டி, ஏற்கெனவே ஒதுக்கிவிட்டதைக் கழித்து, அந்த எண்ணைத்தான் மறுகொள்முதல் மட்டத்தோடு ஒப்பிட வேண்டும்.

போட்ட மட்டம் சரிதானா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. புதுச் சரக்கு வந்து இறங்கும் நேரத்தில் பழையது எத்தனை மிச்சம் இருந்தது என்று பின் கார்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். பத்துப் பன்னிரண்டு தடவையின் சராசரி, காப்பு இருப்பான 137-ஐ ஒட்டி வர வேண்டும். எப்போதும் 300 மிச்சம் என்றால் மட்டம் அதிகம்; பணம் தூங்குகிறது. பலமுறை சுழியம் என்றால் குறைவு. டீலரின் நாளும் கோடையின் வேகமும் மாறும்போது முதலில் காட்டிக்கொடுப்பது இந்த எண்தான்.

நம் பட்டறையில் சிக்கனக் கொள்முதல் அளவை ஆண்டுக்கு ஒருமுறை போட்டுப் பார்த்தால் போதும். மறுகொள்முதல் மட்டத்தைப் பிப்ரவரியில் ஒருமுறை, கோடை முடிந்ததும் ஒருமுறை, டீலர் மாறும்போதெல்லாம் ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.